குறிகளுக்குள் மறைந்திருக்கும் பெரியதும் சிறியதும்

வங்கித் தேர்வுகளின் ரீசனிங் பகுதியில் ‘கோடட் இன்ஈக்வாலிட்டி’ என்று ஒரு வகைக் கேள்வி உண்டு. பெரியது, சிறியது, சமம் என்ற உறவுகளைப் பள்ளியில் படித்த கணிதக் குறிகளால் எழுதாமல், @, #, $, %, & என்று விசைப்பலகையில் இருக்கும் ஏதோ ஒரு குறியால் எழுதியிருப்பார்கள். எந்தக் குறிக்கு என்ன பொருள் என்பது கேள்வியின் தலைப்பிலேயே இருக்கும். அதன் கீழே சில கூற்றுகள், அவற்றுக்கும் கீழே இரண்டு முடிவுகள். கூற்றுகள் அனைத்தும் உண்மை என்று ஏற்றுக்கொண்டு, முதல் முடிவு மட்டும் சரியா, இரண்டாவது மட்டும் சரியா, இரண்டில் ஏதாவது ஒன்று சரியா, இரண்டுமே வராதா, இரண்டுமே சரியா என்ற ஐந்து விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதில் கூட்டல் கழித்தல் எதுவும் கிடையாது. M என்ற எழுத்தின் மதிப்பு 7 ஆக இருக்கலாம், 700 ஆகவும் இருக்கலாம். அது யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. கேட்கப்படுவது வேறு. கூற்றுகளுக்குப் பொருந்தும் எந்த எண்களைப் போட்டாலும் முடிவு தப்பாமல் நிற்குமா என்பதுதான் கேள்வி. ‘இருக்கலாம்’ என்பதற்கு இங்கே மதிப்பெண் இல்லை. ‘இருந்தே தீரும்’ என்பதற்குத்தான் உண்டு. இந்த வேறுபாடு பிடிபட்டவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். அதன் தலைப்பில் குறிகளின் பொருள் இப்படித் தரப்பட்டிருக்கிறது. ‘A @ B’ என்றால் A, B-ஐ விடச் சிறியதல்ல. ‘A # B’ என்றால் A, B-ஐ விடப் பெரியதும் அல்ல, அதற்குச் சமமும் அல்ல. ‘A $ B’ என்றால் A, B-ஐ விடப் பெரியதும் அல்ல, சிறியதும் அல்ல. ‘A % B’ என்றால் A, B-ஐ விடப் பெரியதல்ல. ‘A & B’ என்றால் A, B-ஐ விடச் சிறியதும் அல்ல, அதற்குச் சமமும் அல்ல.

ஐந்து விளக்கங்களுமே ‘அல்ல’ என்றுதான் முடிகின்றன. கேள்வி தயாரிப்பவர் வேண்டுமென்றே செய்வது இது. இரண்டு எண்களை எடுத்தால் அவற்றுக்குள் மூன்றே உறவுகள்தான் இருக்க முடியும்: முதலாவது பெரியது, சிறியது அல்லது சமம். நான்காவதாக ஒன்று கிடையாது. ஆகவே ஒவ்வொரு ‘அல்ல’வும் மூன்றில் ஒன்றை அடித்துவிடுகிறது, எஞ்சி நிற்பதுதான் குறியின் பொருள். ‘சிறியதல்ல’ என்றால் சிறியது மட்டும் போய்விட்டது, பெரியதும் சமமும் மிச்சம். ஆகவே @ என்பது ≥. ‘பெரியதும் அல்ல, சமமும் அல்ல’ என்றால் இரண்டு போய்விட்டன, சிறியது மட்டும் மிச்சம். # என்பது <. இதே வழியில் $ என்பது =, % என்பது ≤, & என்பது > என்று வந்துவிடும்.

முதல் வழுக்கல் இங்கேதான் நேர்கிறது. அதற்குக் காரணம் கணிதம் அல்ல, பேச்சு வழக்கு. ‘தம்பி அண்ணனைவிட உயரமில்லை’ என்று வீட்டில் யாராவது சொன்னால், தம்பி குள்ளம் என்றுதான் கேட்பவர் எடுத்துக்கொள்வார். இருவரும் ஒரே உயரமாக இருக்கக்கூடும் என்ற எண்ணமே பெரும்பாலும் எழாது. அந்தப் பழக்கத்தோடு தேர்வறைக்குள் போகிறவர் ‘பெரியதல்ல’ என்பதைச் ‘சிறியது’ என்று படித்துவிடுகிறார். ≤ என்று எழுத வேண்டிய இடத்தில் < விழுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு கவனமாகச் செய்தாலும் விடை தவறிப்போகும். எங்கே தவறியது என்பதும் தெரியாது. ‘அல்ல’ ஒன்று இருந்தால் அடியில் கோடு உண்டு, இரண்டு இருந்தால் கோடு இல்லை என்று வைத்துக்கொள்வது ஒரு காவல். அதாவது ஒற்றை ‘அல்ல’ ≥ அல்லது ≤ என்று சமக்கோட்டோடு முடியும். இரட்டை ‘அல்ல’ >, <, = ஆகிய மூன்றில் ஒன்றாக, ஒரே ஓர் உறவாகச் சுருங்கும்.

வேடிக்கை என்னவென்றால், இந்தக் குறிகளெல்லாம் தெளிவுக்காகவே பிறந்தவை. சமக்குறியை வேல்ஸின் ராபர்ட் ரெக்கார்ட் 1557-ல் அச்சிட்ட நூலில் அறிமுகப்படுத்தினார். ‘சமம்’ என்ற சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதிச் சலித்ததுதான் அவர் சொன்ன காரணம். > என்பதும் < என்பதும் தாமஸ் ஹாரியட் இறந்து பத்தாண்டு கழிந்து, 1631-ல் வெளியான அவருடைய நூலில் தென்பட்டன. அவற்றின் கீழே சமக்கோட்டைச் சேர்த்தவர் பிரான்ஸின் பியர் பூகே, ஆண்டு 1734. சொற்களைக் குறைக்க வந்த குறிகளை மறுபடி சொற்களுக்குள் ஒளித்து, அந்தச் சொற்களை வேறு குறிகளுக்குள் ஒளித்து வைத்தால் கிடைப்பதுதான் இந்தக் கேள்வி வகை.

இனி கூற்றுகள்.

```
M @ R,  R & T,  T $ K,  W % K
```

ஒவ்வொன்றாக மாற்றினால் M ≥ R, R > T, T = K, W ≤ K என்று வரும். முதல் மூன்றும் ரயில் பெட்டிகள் போல ஒன்றோடொன்று தானாகவே இணைகின்றன. ஒன்றின் கடைசி எழுத்து அடுத்ததன் முதல் எழுத்து. நான்காவது மட்டும் இணைய மறுக்கிறது, ஏனென்றால் K அதில் வலப்பக்கம் இருக்கிறது. அதைத் திருப்ப வேண்டும். W, K-ஐ விடப் பெரியதல்ல என்றால், K, W-ஐ விடச் சிறியதல்ல. அதாவது K ≥ W. எழுத்துகள் இடம் மாறும்போது குறியின் வாயும் திரும்ப வேண்டும், அடிக்கோடு மட்டும் அப்படியே இருக்க வேண்டும். எழுத்தை மாற்றிவிட்டுக் குறியை மறப்பது இந்த இடத்துக்கே உரிய பிழை. இப்போது எல்லாம் ஒரே சங்கிலியாகிவிட்டது.

```
M ≥ R > T = K ≥ W
```

முடிவுகளைச் சோதிப்பது இதன் பிறகுதான். முதல் முடிவு ‘M & K’ என்று இருக்கட்டும், அதாவது M > K. சங்கிலியில் M-இலிருந்து K வரை நடந்து பார்த்தால் வழியில் ≥, >, = என்ற மூன்று குறிகள் வருகின்றன. மூன்றும் ஒரே பக்கம்தான் வாய் திறந்திருக்கின்றன. சமக்குறிக்குத் திசையே கிடையாது என்பதால் அது தடையல்ல. ஆகவே M-க்கும் K-க்கும் உறவு உண்டு. என்ன உறவு? வழியில் அடிக்கோடு இல்லாத ஒரே ஒரு > இருந்தாலும் போதும், மொத்த உறவும் > ஆகிவிடும். M, R-க்குச் சமமாகவே இருந்தாலும் R கட்டாயம் T-ஐ விடப் பெரியது. நடுவில் ஒரு படி ஏறிவிட்டால், மற்ற இடங்கள் சமதளமாக இருந்தாலும் மேலே நிற்பவர் மேலேதான். எனவே M > K உறுதி.

‘W # R’ என்ற முடிவும் இதே போலத்தான். W-இலிருந்து பின்னோக்கி நடந்தால் R > T = K ≥ W. நடுவில் ஒரு > இருக்கிறது. ஆகவே R > W, அதாவது W < R. இதுவும் நிற்கும்.

இன்னொரு ஜோடி முடிவுகளில்தான் பலர் தடுமாறுவார்கள். முதலாவது ‘T & W’, இரண்டாவது ‘T $ W’. சங்கிலியில் T = K ≥ W. வழியில் கோடில்லாத > ஒன்றுகூட இல்லை. ஆகவே உறுதியாகத் தெரிவது T ≥ W என்பது மட்டும். T > W என்ற முதல் முடிவை உடைக்க முடியுமா என்று பார்க்கலாம். M, R இரண்டுக்கும் 9, T, K, W மூன்றுக்கும் 4 என்று வைத்தால் 9 ≥ 9 > 4 = 4 ≥ 4; கூற்றுகள் ஒன்றுகூட மீறப்படவில்லை, ஆனால் T, W-ஐ விடப் பெரியதாக இல்லை. முதல் முடிவு உடைந்துவிட்டது. W-ஐ மட்டும் 2 ஆக்கினால் கூற்றுகள் அப்படியே நிற்கின்றன, T = W என்ற இரண்டாவது முடிவு உடைகிறது. தனித்தனியாக இரண்டும் தோற்றுவிட்டன.

ஆனால் விடை ‘இரண்டும் வராது’ என்பதல்ல. T ≥ W என்பது உறுதி என்பதால் T, W-ஐ விடப் பெரியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் சமமாக இருக்க வேண்டும். மூன்றாவது வழி அடைபட்டிருக்கிறது. எந்த எண்களைப் போட்டாலும் இரண்டு முடிவுகளில் ஒன்று நிற்கும், மற்றது விழும். எனவே ‘இரண்டில் ஏதாவது ஒன்று’ என்பதே விடை. ஐந்து விடைகளில் இதைத்தான் அதிகம் பேர் தவறவிடுகிறார்கள். ஒவ்வொரு முடிவையும் தனியாகச் சோதித்து, இரண்டையும் அடித்துவிட்டு, அடுத்த கேள்விக்குப் போய்விடுவது பழக்கமாகிவிடுகிறது. இரண்டு முடிவுகளும் விழுந்த இடத்தில் ஒரு கணம் நின்று, அவை இரண்டும் சேர்ந்து எல்லா வழிகளையும் அடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

இதுவரை சங்கிலி ஒரே பக்கமாக இறங்கியது. அடுத்த கூற்றுத் தொகுப்பு அப்படியில்லை.

```
H # J,  J % N,  N & F,  F @ S
```

மாற்றி எழுதினால் இப்படி வரும்.

```
H < J ≤ N > F ≥ S
```

N வரை ஏற்றம், அதற்குப் பிறகு இறக்கம். N ஒரு குன்றின் உச்சி போல நிற்கிறது. உச்சிக்கு ஒரே பக்கத்தில் உள்ளவற்றை ஒப்பிடுவதில் சிக்கல் இல்லை. H < N என்பது உறுதி, S < N என்பதும் உறுதி. ஆனால் இந்தச் சரிவில் நிற்கும் H-க்கும் அந்தச் சரிவில் நிற்கும் F-க்கும் என்ன உறவு? இருவரும் உச்சிக்குக் கீழே இருக்கிறார்கள் என்பதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. குறியின் வாய் எதிர்ப்பக்கம் திரும்பிய இடத்தில் ஒப்பீடு அறுந்துபோகிறது. பயிற்சி வகுப்புகளில் ‘பிளாக் ஆகிவிட்டது’ என்று சொல்வது இதைத்தான்.

அறுந்துபோனது என்பதை நம்பாதவர் எண்களைப் போட்டே பார்க்கலாம். H-க்கு 1, J-க்கு 2, N-க்கு 5, F-க்கு 3, S-க்கு 1 என்றால் F பெரியது. H-ஐ 3, J-ஐ 4 ஆக்கி மற்றவற்றை விட்டுவிட்டால் H-உம் F-உம் சமம். அதே நிலையில் F-ஐ 1 ஆக இறக்கினால் F சிறியது. மூன்று முறையும் நான்கு கூற்றுகளும் பிசகாமல் நிற்கின்றன. ஆக, மூன்று உறவுகளுக்கும் வாசல் திறந்தே இருக்கிறது.

இந்த இடத்தில் கேள்வி தயாரிப்பவர் இரண்டு விதமாக வலை விரிப்பார். முடிவுகள் ‘F & H’, ‘F % H’ என்று இருந்தால், ஒன்று F > H, மற்றது F ≤ H. தனியாக இரண்டும் உறுதியில்லை. ஆனால் பெரியது ஒன்றில் இருக்கிறது, சிறியதும் சமமும் மற்றதில் இருக்கின்றன. மூன்று வாசலும் அடைபட்டுவிட்டன. உறவு அறுந்துபோனாலும் விடை ‘இரண்டில் ஏதாவது ஒன்று’ தான். இதற்குப் பதிலாக முடிவுகள் ‘J & S’, ‘J # S’ என்று இருந்தால்? J > S, J < S. பார்க்க முன்னது போலவே எதிரும் புதிருமாகத் தெரியும். ஆனால் சமம் என்ற வாசல் திறந்தே கிடக்கிறது. H-க்கு 3, J-க்கு 4, N-க்கு 6, F-க்கு 5, S-க்கு 4 என்று போட்டால் J-உம் S-உம் ஒன்றாகிவிடுகின்றன. இரண்டு முடிவுகளும் ஒரே நேரத்தில் விழுகின்றன. ஆகவே இங்கே விடை ‘இரண்டும் வராது’. ஓர் அடிக்கோடு இருப்பதும் இல்லாததும் விடையையே புரட்டிப்போடுகிறது.

எண்களைப் போட்டுப் பார்ப்பது ஒரு பக்கம் மட்டும் வெட்டும் கத்தி என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு முடிவை வீழ்த்த ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். ஆனால் ஒரு முடிவை நிலைநாட்டப் பத்து எடுத்துக்காட்டுகள் இருந்தாலும் போதாது. பதினோராவது எண்கள் அதை உடைத்துவிடலாம். முதல் தொகுப்பில் T > W என்ற முடிவுக்கு 9, 8, 5, 5, 3 என்று போட்டுப் பார்த்தவருக்கு அது சரியென்றே தோன்றும். 10, 7, 6, 6, 1 என்று போட்டாலும் சரியென்றே தோன்றும். சமமான எண்களை யாரும் தாமாக முன்வந்து போடுவதில்லை என்பதுதான் சிக்கல். மனம் வெவ்வேறு எண்களைத்தான் தேடிப் பிடிக்கும். ஆகவே ≥ அல்லது ≤ வரும் ஒவ்வோர் இடத்திலும் முதலில் சமமான எண்களைப் போட்டுப் பார்ப்பது நல்லது. முடிவு உடைய வேண்டுமென்றால் பெரும்பாலும் அங்கேதான் உடையும். நிலைநாட்டுவதற்கோ சங்கிலியில் நடந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

விதிகளின் விளிம்பில் இரண்டு இடங்கள் இருக்கின்றன. முதல் தொகுப்பில் M > K என்பது உறுதி. அங்கே ‘M @ K’, அதாவது M ≥ K என்று ஒரு முடிவு வந்தால் என்ன செய்வது? கணிதத்தின்படி அது சரிதான். பெரியது அல்லது சமம் என்ற கூற்று, பெரியது என்றிருந்தாலே நிறைவேறிவிடும். 7 ≥ 5 என்பதில் பிழை ஏதும் இல்லை. ஆனால் வங்கித் தேர்வுக்குத் தயார் செய்யும் வகுப்புகளில் இதைத் தவறு என்று அடிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. சமம் என்பதற்கு வாய்ப்பே இல்லாதபோது முடிவு அதையும் சேர்த்துச் சொல்கிறது என்பது அவர்கள் சொல்லும் காரணம். தர்க்கம் ஒன்று சொல்ல, வழக்கம் வேறொன்று சொல்லும் இடம் இது. எந்தத் தேர்வுக்குத் தயாராகிறார்களோ, அதன் பழைய கேள்விகளில் இது எப்படி நடத்தப்பட்டிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவைத்துக்கொள்வது மேல். தர்க்கத்தின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக மதிப்பெண் கிடைத்துவிடாது.

மற்றது, ‘இரண்டில் ஏதாவது ஒன்று’ என்ற விடை வர இரண்டு முடிவுகளிலும் அதே இரண்டு எழுத்துகள் இருக்க வேண்டும் என்று மனப்பாடமாகச் சொல்லித்தரப்படும் விதி. பெரும்பாலான கேள்விகளுக்கு அது பொருந்தும். ஆனால் முதல் தொகுப்பில் முடிவுகள் ‘T & W’, ‘K $ W’ என்று தரப்பட்டால் விதி காலைவாரிவிடும். எழுத்துகள் வேறு; ஆனால் T = K என்று கூற்றே சொல்லிவிட்டதால் K = W என்பதும் T = W என்பதும் ஒன்றே. ஆகவே இங்கேயும் இரண்டில் ஒன்று நின்றே தீரும். உண்மையில் பார்க்க வேண்டியது எழுத்துகளை அல்ல. இரண்டு முடிவுகளும் சேர்ந்து எல்லா வாசல்களையும் அடைக்கின்றனவா என்பதை.

நேரமும் இந்தக் கேள்வியின் ஒரு பகுதி. ஐபிபிஎஸ் நடத்தும் அதிகாரிப் பணிக்கான முதல்நிலைத் தேர்வில் நீண்ட காலம் ரீசனிங் பகுதிக்கு 35 கேள்விகள், 20 நிமிடம் என்ற கணக்கு இருந்தது. ஒரு கேள்விக்கு ஏறக்குறைய 34 வினாடி. அதனால் குறிகளின் பொருளைத் தாளின் ஓரத்தில் ஒருமுறை எழுதிவைத்து, கூற்றுகளைச் சங்கிலியாக்குவதை எழுத்திலும், நடந்து பார்ப்பதைக் கண்ணாலும் செய்வதே தேர்ச்சி பெற்றவர்களின் முறை. ஒரே தலைப்பின் கீழ் நான்கைந்து கேள்விகள் வரும்போது அந்த ஓரக்குறிப்பு எல்லாவற்றுக்கும் உதவும். ஆனால் அடுத்த தேர்விலோ, அடுத்த தாளிலோ @ என்பதன் பொருள் மாறியிருக்கும். நேற்றைய பயிற்சியில் மனத்தில் பதிந்த பொருளை இன்றைய தாளில் ஏற்றிவிடுவதும் நடக்கக்கூடியதே. ஆகவே குறிகளை மனப்பாடம் செய்யாமல் இருப்பதே பாதுகாப்பு.

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படுவதால் ஊகத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. ஐந்து விடைகளில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டால், சராசரியாக ஐந்து முறைக்கு ஒருமுறை ஒரு மதிப்பெண் கிடைக்கும். மற்ற நான்கு முறையும் கால் கால் கழிந்து அதுவும் போய்விடும். மிச்சம் பூஜ்யம். ஆனால் முதல் முடிவு நிச்சயமாக நிற்கும் என்று தெரிந்துவிட்டால், ‘முதலாவது மட்டும்’, ‘இரண்டும்’ என்ற இரண்டு விடைகளே எஞ்சும். இரண்டாவது முடிவைச் சோதிக்க நேரமில்லாமல் போனாலும் அங்கே குறித்துவிட்டு வருவது லாபம். முதல் முடிவு விழுந்துவிட்டது என்று மட்டும் தெரிந்தால் நிலைமை கொஞ்சம் வேறு: ‘இரண்டாவது மட்டும்’, ‘இரண்டில் ஏதாவது ஒன்று’, ‘இரண்டும் வராது’ என்று மூன்று விடைகள் எஞ்சும். இரண்டாவது முடிவு முதல் முடிவின் அதே ஜோடியைப் பற்றிப் பேசவில்லையென்றால் அவற்றில் நடுவில் உள்ளது ஏறக்குறைய எப்போதும் கழன்றுவிடும்.